வந்த பிறகு ஏறும் ஏசி பில்: எதற்குக் கொடுக்கலாம், எதைக் குறைக்கலாம்

மே மாதம், சென்னை. ஸ்பிளிட் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று போன் செய்கிறோம். "வாட்டர் சர்வீஸ் 600 ரூபாய் சார், மதியம் வர்றேன்" என்கிறார் மெக்கானிக். வந்து பிரித்துப் பார்த்ததும் கெபாசிட்டர் வீக், கேஸ் கம்மி, பைப்பில் லீக், அவுட்டோர் வெளிச் சுவரில் தொங்குவதால் ஹெல்பர் கூலி என்று வரிசையாகச் சேர்ந்து, மாலையில் கையில் வரும் பில் 8,000 ரூபாயைத் தொட்டு நிற்கிறது. வீட்டுக்காரருக்கு ஏமாந்துவிட்டோமோ என்ற சந்தேகம். வெயிலில் மூன்று மணி நேரம் நின்றவருக்கோ கூலிக்குப் பேரம் பேசுகிறார்களே என்ற கசப்பு. பல சமயம் இரண்டிலும் பாதி உண்மை இருக்கும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குளிரவில்லை என்ற ஒரு புகாருக்குப் பின்னால் அடைத்த ஃபில்டர் முதல் தேய்ந்த கம்ப்ரசர் வரை எது வேண்டுமானாலும் இருக்கலாம். அதைப் போனில் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அதனால் வந்து பார்த்த பிறகு வேலை கூடுவதே தவறு என்று நினைப்பது மெக்கானிக்குக்குச் செய்யும் அநியாயம். அளந்து காட்டாமல், தொகையைச் சொல்லாமல், நம் சம்மதம் வாங்காமல் கூட்டுவதுதான் தவறு. பில்லில் கூடுதலாக ஏறும் ஒவ்வொரு வரியையும், அதாவது ஒவ்வொரு இனத்தையும், மூன்று கேள்விகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும்: என்ன அளவு எடுத்தார், வேலைக்கு முன்பே சொன்னாரா, கழற்றிய பொருளைக் காட்டினாரா. மொத்தத் தொகையை வைத்துப் பேரம் பேசினால் பொய்யான வரியும் நியாயமான வரியும் சேர்ந்தே குறையும், உழைத்த கூலியில்தான் வெட்டு விழும்.

இந்த வரிகளில் மிக அதிகமாகத் தகராறு வருவது கேஸில். ஏசியில் இருக்கும் கேஸ், வண்டியில் பெட்ரோல் போலத் தீர்ந்துபோவதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகியிருக்கிறது என்றுதான் பொருள். ஆகவே "வருஷா வருஷம் கேஸ் போடணும் சார்" என்பது ஒழுகலைச் சரிசெய்யாமல் விட்டவரின் பேச்சு. கேஸ் கம்மி என்று சொல்பவர் எங்கே போனது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இன்டோருக்குப் பின்னாலோ அவுட்டோர் வால்விலோ குழாயை இணைக்கும் பிளேர் நட்டில் ஒழுகும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதில் தூசி ஒட்டிக் கருத்திருக்கும். ஏனென்றால் கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும். சோப்பு நுரை தடவினால் குமிழ் விடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் காயில் என்ற குழாய்ச் சுருளிலேயே நுண்ணிய துளை விழுவதும் உண்டு. அது நட்டை இறுக்கித் தீரும் விஷயம் இல்லை.

கேஸ் உண்மையிலேயே குறைவா என்று பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. இந்த வரிசை மாறினால் அளவு பொய் சொல்லும். முதலில் வாட்டர் சர்வீஸ் முடிய வேண்டும், அதன் பிறகுதான் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்ட வேண்டும். ஃபில்டரும் இன்டோர் காயிலும் அழுக்கால் அடைத்திருந்தால் காற்று போதுமான அளவு போகாது, காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து பனி கட்டும், கேஜில் அழுத்தம் தாழ்ந்து காட்டும். அந்த முள்ளைக் காட்டி "பாருங்க, கேஸ் இல்ல" என்றால் பார்ப்பவருக்கு அது உண்மையாகவே தோன்றும். அழுக்கைக் கழுவியதும் அதே முள் தானாக ஏறிவிடும். வந்தவுடன் கேஜ் மாட்டிக் காட்டுகிறவரிடம், "சர்வீஸை முடிச்சுட்டு ஒருதடவை பார்த்துருவோம்ணே" என்று சொன்னாலே பாதித் தகராறு தீரும்.

கழுவிக் காயவைத்து, 16 டிகிரியில் வைத்து, கதவு ஜன்னலை மூடிக் கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு பார்க்க வேண்டியவை சில. அவுட்டோரில் இரண்டு குழாய் சேரும் இடத்தில் மெல்லிய குழாயின் வால்வைப் பாருங்கள். வியர்த்திருந்தால் பெரும்பாலும் சரி. வெள்ளையாகப் பனி பூத்திருந்து, தடித்த குழாய் சில்லென்று இல்லாமல் இருந்தால் கேஸ் குறைவு என்பதற்கு அது நல்ல அடையாளம். அடுத்து கரண்ட். கிளாம்ப் மீட்டரை ஒற்றை ஒயரில் மட்டும் மாட்டிப் பார்க்க வேண்டும், முழுக் கேபிளையும் சேர்த்துப் பிடித்தால் எண் வராது. அவுட்டோரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் போட்டிருக்கும் ஆம்பியரைவிட நன்றாகக் குறைந்திருந்தால் கம்ப்ரசருக்கு வேலை இல்லை என்று அர்த்தம், கேஸ் குறைவோடு அது பொருந்தும். அறைக் காற்று உள்ளே போகும் இடத்துக்கும் குளிர்காற்று வெளியே வரும் இடத்துக்கும் எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி வேலை செய்கிறது என்றே கொள்ளலாம். புழுக்கம் மிகுந்த நாளில் அந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும்.

கேஜ் முள்ளைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஆர்-22 என்ற பழைய வகை கேஸ் உள்ள ஏசியில் ஓடும்போது உறிஞ்சு பக்க அழுத்தம் 60 முதல் 70 பிஎஸ்ஐ. ஆர்-32, ஆர்-410ஏ இரண்டிலும் ஏறக்குறைய இதுபோல் இரு மடங்கு, 110 முதல் 130 வரை. ஆர்-32 ஏசியில் 70 காட்டினால் கேஸ் குறைவு என்று சொல்ல இடம் உண்டு. ஆர்-22 ஏசியில் அதே 70-ஐக் குறைவு என்று சொன்னால் அது பொய். எந்த கேஸ் என்பது அவுட்டோர் ஸ்டிக்கரிலேயே இருக்கும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகம் ஏறி இறங்குவதால் அழுத்தமும் கரண்டும் நிலையாக நிற்காது. அது முழு வேகத்தில் ஓடும்போது எடுத்த அளவைத்தான் நம்பலாம். ஏசியை நிறுத்திவிட்டு எடுக்கும் அழுத்தத்தைக் காட்டி, "நிக்கும்போதே 200-க்கு மேல இருக்கு, ஃபுல்லா இருக்கு" என்பதும் சரியில்லை. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும் வரை நின்ற நிலை அழுத்தம் வெளிச் சூட்டைப் பொறுத்தே இருக்கும், அளவைச் சொல்லாது. அது மிகவும் விழுந்திருந்தால் மட்டும் காலியாகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இனி, போட்ட கேஸ் எவ்வளவு. இதை நிறுத்துப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அவுட்டோர் ஸ்டிக்கரில் கேஸின் எடை கிலோவில் அச்சிட்டிருக்கும். ஒன்றரை டன் ஆர்-32 ஏசிகள் பலவற்றில் அது ஒரு கிலோவுக்குள்தான். அப்படி இருக்க "ஒன்றரை கிலோ ஏறிச்சு" என்று பில் வந்தால் அது நடக்காத காரியம். சிலிண்டரைத் தராசில் வைத்து, ஏற்றும் முன்பும் ஏற்றிய பின்பும் படம் எடுத்தால் கணக்கு முடிந்தது. தராசு கொண்டுவராதவரிடம் வீட்டில் இருக்கும் லக்கேஜ் தராசில் சிலிண்டரைத் தொங்கவிட்டுப் பார்க்கச் சொன்னாலும் போதும். ஐம்பது கிராம் முன்பின் இருந்தாலும் கால் கிலோவா முக்கால் கிலோவா என்பது தெரிந்துவிடும்.

டாப்-அப், ஃபுல் சார்ஜ் என்ற இரண்டும் வேறு வேறு வேலை, விலையும் வேறு. டாப்-அப் என்றால் குறைந்ததை மட்டும் நிரப்புவது. ஃபுல் சார்ஜ் என்றால் மிச்ச கேஸை எடுத்துவிட்டு, ஒழுகலை அடைத்து, நைட்ரஜன் ஏற்றி அரை மணி நேரமாவது முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, வாக்யூம் பம்ப் போட்டு இருபது முப்பது நிமிடம் காற்றையும் ஈரத்தையும் இழுத்து, பிறகு ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு நிறுத்து ஏற்றுவது. மொத்தத்தில் இரண்டு மணி நேர வேலை. நைட்ரஜன் சிலிண்டரும் வாக்யூம் பம்ப்பும் வீட்டுக்குள் வராமலேயே ஃபுல் சார்ஜ் என்று பில் எழுதினால் அந்த வரி அப்படியே நிற்காது. இந்த இரண்டு கருவிகள் வந்தனவா என்பதைப் பார்க்க எந்தத் தொழில் அறிவும் வேண்டாம், கண் போதும். ஆர்-410ஏ இரண்டு கேஸ்களின் கலவை. நிறைய ஒழுகியிருந்தால் முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதே முறை, அங்கே ஃபுல் சார்ஜ் கேட்பது நியாயம். ஆர்-32 ஒற்றைப் பொருள், ஒழுகலை அடைத்த பிறகு டாப்-அப் போதும். ஆனால் ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றக் கூடியது. கேஸ் உள்ளே இருக்கும்போது யாராவது குழாயில் டார்ச் வைத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றிச் சோதித்தாலும் அப்படியே. எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.

கெபாசிட்டர் இதைவிட எளிது. சாதாரண, அதாவது இன்வெர்ட்டர் இல்லாத ஏசியின் அவுட்டோரில் கம்ப்ரசரை ஓட்டிவிட ஒரு உருளை வடிவக் கெபாசிட்டர் இருக்கும். அதன் மேலேயே 50 மைக்ரோஃபாரட், கூட்டல் கழித்தல் ஐந்து சதவீதம், 440 வோல்ட் என்பதுபோல் அச்சடித்திருக்கும். ஐந்து சதவீதம் என்றால் 47.5 முதல் 52.5 வரை சரி. மின்சாரத்தை நிறுத்தி, அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டு, மீட்டரில் வைத்தால் ஐந்து வினாடியில் எண் தெரியும். 49 காட்டினால் மாற்றத் தேவையில்லை. 41 என்றால் மாற்ற வேண்டியதுதான். தலை உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ மீட்டர்கூட வேண்டாம். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசருக்கு இப்படி ஒரு கெபாசிட்டரே கிடையாது, அந்த வேலையை போர்டு பார்த்துக்கொள்கிறது. சில மாடல்களில் ஃபேனுக்கு மட்டும் ஒன்று இரண்டு மைக்ரோஃபாரட்டில் சிறியது இருக்கும். ஆகவே இன்வெர்ட்டர் ஏசி பில்லில் "கம்ப்ரசர் கெபாசிட்டர் 50" என்று வந்தால், அது எங்கே மாட்டப்பட்டது என்று காட்டச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம். டப்பாவில் எம்ஆர்பி இருக்கும், அதில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் பொருளுக்கு விலை வைக்கக் கூடாது. மாட்டும் கூலி தனி, அதைக் கேட்பதில் தவறில்லை.

இப்போது அந்த 8,000 ரூபாய் பில்லை வரி வரியாகப் பிரிப்போம். இதில் உள்ள விலைகள் கணக்கு எப்படிப் போடுவது என்று காட்டத்தான். ஊருக்கும் பருவத்துக்கும் தகுந்து மாறும். ஏசி ஒன்றரை டன், இன்வெர்ட்டர் இல்லாதது, ஆர்-32. ஸ்டிக்கரில் கேஸ் 850 கிராம், கரண்ட் 7.2 ஆம்பியர். இரண்டாம் மாடி, அவுட்டோர் வெளிச் சுவரில் பிராக்கெட்டில் நிற்கிறது. பில்லில் வாட்டர் சர்வீஸ் 600, கெபாசிட்டர் 950, கேஸ் ஃபுல் சார்ஜ் 3,500, லீக் வேலை 800, ஹெல்பர் கூலி 700, விசிட்டிங் சார்ஜ் 300. கூட்டினால் 6,850. அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று 1,233 சேர்த்து 8,083.

வாட்டர் சர்வீஸ் 600, பேசியது, செய்தது. கொடுக்க வேண்டியதுதான். விசிட்டிங் சார்ஜ் என்பது வந்து பார்த்து, வேலை எதுவும் வேண்டாம் என்று அனுப்பினால் கொடுப்பது. போனில் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, வேலை செய்த பில்லில் அதைச் சேர்ப்பது வழக்கம் இல்லை. ஆகவே 300 பில்லிலிருந்து போகிறது.

கெபாசிட்டரைப் பழையதைக் காட்டினார், மீட்டரில் 41 வந்தது. மாற்றியது சரி. டப்பாவில் எம்ஆர்பி 480, மாட்டும் கூலி 200. ஆக 680. 950-லிருந்து 270 குறைகிறது. ஆனால் வரி முழுவதையும் வெட்ட நியாயம் இல்லை.

கேஸ் வரி. சர்வீஸுக்குப் பிறகு கரண்ட் 5.1 ஆம்பியர்தான், மெல்லிய குழாய் வால்வில் பனி பூத்திருந்தது. கேஸ் குறைவு என்பது உண்மை. ஏற்றும் முன் சிலிண்டர் 6.40 கிலோ, ஏற்றிய பின் 6.05. ஆக ஏறியது 350 கிராம். நைட்ரஜனும் இல்லை, வாக்யூமும் இல்லை. செய்தது டாப்-அப், எழுதியது ஃபுல் சார்ஜ். இந்த இடத்தில் சத்தம் போட வேண்டாம். "அண்ணே, உங்க 3,500-ல கேஸுக்கு எவ்வளவு, வாக்யூம் வேலைக்கு எவ்வளவு?" என்று கேட்டால் அவரே பிரித்துச் சொல்வார். கேஸுக்கு 2,000, மற்றது 1,500 என்கிறார் என்று வைப்போம். 850 கிராமுக்கு 2,000 என்றால் 350 கிராமுக்கு ஏறக்குறைய 825 ரூபாய். செய்யாத வாக்யூம் வேலைக்கு 1,500 இல்லை. ஆனால் கேஜ் மாட்டி, பொறுமையாக ஏற்றி, கரண்டைப் பார்த்த வேலைக்கு 300 கொடுப்பதுதான் முறை. ஆக 1,125. கேஸ் ஏறிய பிறகு 6.9 ஆம்பியர், பனி இல்லை, தடித்த குழாய் வியர்க்கிறது. வேலை பலித்திருக்கிறது.

லீக் வேலை 800 என்று எழுதியது தடித்த குழாயின் பிளேர் நட்டை ஸ்பேனரால் இறுக்கியதற்கு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, சோப்பு நுரையில் குமிழ் வந்தது, இறுக்கியதும் நின்றது. கண்டுபிடித்ததற்கு மதிப்பு உண்டு. 200 கொடுக்கலாம். குழாய் முனையை வெட்டிப் புதிதாக பிளேர் போட்டிருந்தால் 800 கேட்டிருக்கலாம், ஆனால் அப்போது குழாயைத் திறந்திருப்பதால் வாக்யூமும் கட்டாயம் போட்டிருக்க வேண்டும். இறுக்கிய நட் சில மாதத்தில் மறுபடி ஒழுகுவது உண்டு. அதனால் 200-ஐக் கொடுக்கும்போது பில்லிலேயே "30 நாளுக்குள் இதே இடத்தில் லீக் வந்தால் கூலி இல்லாமல் செய்து தரப்படும்" என்று எழுதி வாங்க வேண்டும். கெஞ்சலாகக் கேட்க வேண்டியதில்லை, நல்ல மெக்கானிக் யாரும் இதற்கு மறுப்பதில்லை.

ஹெல்பர் கூலி 700. இங்கேதான் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் தவறு செய்கிறார்கள். போனில் சொல்லவில்லைதான். ஆனால் நாமும் அவுட்டோர் வெளிச் சுவரில் தொங்குகிறது என்று சொல்லவில்லை. அவர் வந்து பார்த்து, ஒருவர் கயிறு பிடிக்க வேண்டும் என்று ஆளை வரச் சொன்னபோது நாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் மாடிச் சுவரில் நின்று செய்யும் வேலை உயிரைப் பணயம் வைப்பது. 700 ரூபாயை அப்படியே கொடுக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவும் இதே வழியில்தான் போகிறது: இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் சட்டப்படி நமக்காக ஒன்றைச் செய்து, அதன் பலனை நாம் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். ஆனால் வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். நமக்குத் தெரியாமல் செய்து முடித்துவிட்டுக் காசு கேட்பதை இந்தப் பிரிவு தாங்கிப் பிடிக்காது.

கடைசியாக ஜிஎஸ்டி. பில்லில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இல்லை. தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்களுக்கு அது 33 என்று தொடங்கும். எண் இல்லாதவர் வரி வசூலிக்க முடியாது. சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர், எண் இருந்தாலும், வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. 1,233 முழுவதும் போகிறது. பதிவு செய்த நிறுவனமாக இருந்து முறையான பில் கொடுத்தால் 18 சதவீதம் கட்டத்தான் வேண்டும், அதைத் தவிர்க்க "பில் இல்லாம குடுங்க" என்று கேட்டால் நம் கையில் இருந்த ஒரே ஆதாரமும் போய்விடும்.

600, 680, 1,125, 200, 700. மொத்தம் 3,305. கேட்டதில் பாதிகூட இல்லை. ஆனால் உழைத்த உழைப்பில் ஒரு ரூபாயும் குறையவில்லை. "ரவுண்டா 3,000 வெச்சுக்கோங்க" என்று அதையும் குறைக்க வேண்டாம். கணக்கு என்று சொல்லிப் பேசத் தொடங்கினால் அந்தக் கணக்கில் நாமும் நிற்க வேண்டும்.

இந்தப் பேச்சு எல்லாம் வேலைக்கு முன்பே நடந்திருந்தால் இன்னும் எளிதாக முடிந்திருக்கும். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போதே, "அண்ணே, பிரிச்சுப் பார்த்துட்டு என்னென்ன செய்யணும், எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க. நான் சரின்னு சொன்னப்புறம் ஆரம்பிங்க. கழட்டுற பார்ட்டை இங்கேயே வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட வேண்டும். அவர் சொன்ன தொகையை அவர் எதிரிலேயே அவர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பி, "இதுதானே?" என்று கேட்டால் அவர் "ஆமா சார்" என்று பதில் போடுவார். அந்த ஒரு வரி, பிறகு வரும் எந்த வாக்குவாதத்தையும்விட வலுவானது. வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் வருகிறார் என்றால், 1,000 ரூபாய்க்கு மேல் எது வந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்கள் என்று அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

இதில் எதை முதலில் பேச வேண்டும் என்பதும் முக்கியம். கெபாசிட்டர் விலை ஒத்துவரவில்லை என்றால் பழையதையே திரும்ப மாட்டச் சொல்லி, பார்த்த கூலியைக் கொடுத்து அனுப்பலாம். ஏற்றிய கேஸைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் வேலை நடக்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக நிற்க முடியும் என்றால், கிராம் கணக்கும் விலையும் பேசாமல் கேஸ் வால்வைத் திறக்க விடாதீர்கள். "உஸ்" என்று நீண்ட சத்தம் கேட்டால் ஏன் என்று உடனே கேளுங்கள். கேஜ் மாட்டும்போதும் கழற்றும்போதும் ஒரு நொடி வருவது இயல்பு. தொடர்ந்து வந்தால் இருந்த கேஸ் வெளியே போகிறது என்று அர்த்தம்.

இன்வெர்ட்டர் ஏசியில் "போர்டு போச்சு, கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்கணும்" என்று சொன்னால் வேறு வகைக் கவனம் தேவை. போர்டில் உள்ள ஸ்டிக்கர் எண்ணோடு இரண்டு பக்கமும் படம் எடுங்கள். வாங்கிப் போனதாக ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். எவ்வளவு வரை ஆகலாம், அதற்கு மேல் போனால் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். ஏனென்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவுப்படி, ஒப்படைத்த பொருளில் பேசியபடி திறமை செலுத்தி வேலை செய்தவர், கூலி வரும் வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் வைத்து நடக்கும் தகராறில் நம் பக்கம் இருக்கும் பலம், போர்டு கடைக்குப் போனதும் அவர் பக்கம் போய்விடும்.

ஆப் மூலம் பதிவு செய்து வந்தவர் என்றால் அந்த ஆப்பிலேயே விலைப்பட்டியல் இருக்கும். கூடுதல் வேலையை ஆப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். "வெளிய குடுத்தா 500 கம்மி" என்ற பேச்சுக்கு இணங்கினால் வாரண்டியும் போகும், புகார் செய்யும் வழியும் போகும். ஏசி ஓராண்டு முழு வாரண்டிக்குள் இருந்தால் வெளி ஆளைக் கூப்பிடும் முன் வாரண்டி அட்டையைப் படிப்பது நல்லது. உற்பத்திக் குறையால் வந்த கேஸ் ஒழுகலைக் கம்பெனியே செய்து தர வேண்டியிருக்கலாம்.

பேச்சு முறிந்துபோனால், ஒப்புக்கொண்ட வரிகளுக்கான தொகையை மட்டும் ஜிபே போன்ற வழியில் அனுப்பி, குறிப்பில் "சர்வீஸ், கெபாசிட்டர், டாப்-அப், லீக், ஹெல்பர் ஆகியவற்றுக்கு மட்டும், மற்றவை ஏற்கவில்லை" என்று எழுதிவிடுங்கள். கருவிகளைப் பிடித்து வைப்பதோ கேட்டைப் பூட்டுவதோ கூடவே கூடாது, தவறு முழுவதும் நம் பக்கம் வந்துவிடும். அவர் மிரட்டினால் 100-க்கோ 112-க்கோ போன் செய்துவிட்டு அமைதியாக இருங்கள். பணத்தை முழுவதும் கொடுத்துவிட்டுப் பிறகு தெரியவந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் பெரும்பாலும் அந்த அளவிலேயே பதில் வரும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், செய்த சேவைக்கு பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ஆனால் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு அங்கே அலைவது நேரத்துக்குக் கட்டுப்படியாகாது. தவறான வேலையால் கம்ப்ரசரே எரிந்துபோனது போன்ற பெரிய இழப்புக்குத்தான் அந்த வழி. அதற்கு வேண்டியவை அன்றைக்கு எடுத்த படங்களும், அந்த ஒரு வரி வாட்ஸ்அப் செய்தியும், கழற்றிய பொருளும்தான்.

வேலை முடிந்த பத்தாம் நாள், ஏசியை 16 டிகிரியில் கால் மணி நேரம் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவுட்டோர் எட்டாத இடத்தில் இருந்தால் இன்டோர் மூடியைத் தூக்கி, காயில் முழுவதும் ஒரே சீராக வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் பனி, மற்றது காய்ந்து கிடந்தால் மறுபடி ஒழுகுகிறது. 30 நாள் முடிவதற்குள் படம் எடுத்து அவருக்கே அனுப்புங்கள், பில்லில் எழுதிய அந்த வரியோடு.